அறுபது வருஷப் பெயர்கள்: வேலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

வேலூரில் பல ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். பழைய தாய்ப் பத்திரத்தைக் கையில் எடுத்தால் முதல் வரியிலேயே ஏதோ ஒரு வருஷத்தின் பெயர் நிற்கும். கட்சிக்காரர் என் முகத்தைப் பார்ப்பார், நான் பஞ்சாங்கத்தைப் பார்ப்பேன். வேலையை விட்ட பிறகும் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் அதே சந்தேகங்கள் துரத்துகின்றன. திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

விசுவாவசு, பராபவ என்கிறார்களே, அது வெறும் பெயரா, இல்லை ஏதாவது எண்ணா?

பெயர் வடிவில் இருக்கும் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரபவ என்றால் 1, விபவ என்றால் 2, தாது 10, விய 20, பராபவ 40, அட்சய 60. அட்சய முடிந்ததும் மறுபடி பிரபவ. 2025 ஏப்ரல் 14 அன்று பிறந்த விசுவாவசு 39ஆவது, 2026 ஏப்ரல் 14 அன்று பிறக்கும் பராபவ 40ஆவது. முழுப் பட்டியலை எந்தப் பஞ்சாங்கத்தின் முன்பக்கங்களிலும் காணலாம்.

இந்த எண்ணில் ஒரு பெரிய குறை உண்டு. எத்தனையாவது சுற்று என்பதை அது சொல்லாது. கடிகாரம் மணி நான்கு என்று காட்டும், என்றைய நான்கு என்று காட்டாது. அதுபோலத்தான் இதுவும். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்தக் குறையிலிருந்து பிறந்தவை.

பட்டியலைத் தேடாமல் மனக்கணக்கில் கண்டுபிடிக்க வழி உண்டா?

ஆங்கில ஆண்டிலிருந்து 6ஐக் கழித்து 60ஆல் வகுங்கள். மிஞ்சுவதுதான் வரிசை எண். மீதி இல்லாமல் வகுபட்டால் அது 60ஆவதான அட்சய. 2025இல் 6 போனால் 2019, அதில் 60 முப்பத்துமூன்று முறை போக மீதி 39, விசுவாவசு.

நம் ஊர்க் கணக்கு ஒன்று போடுவோம். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10. ஆறு கழித்தால் 1800, மீதி இல்லை. அப்படியானால் அட்சய வருஷம், ஆனிக் கடைசி. ஒரு சுற்று முடிகிற வருஷத்தில் அது நடந்திருக்கிறது.

எச்சரிக்கை ஒன்று. ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையுள்ள நாட்களுக்கு முந்தைய ஆங்கில ஆண்டை எடுக்க வேண்டும். 1966 பிப்ரவரியில் பிறந்தவருக்கு 1965ஐ வைத்துத்தான் கழிக்க வேண்டும். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த மூன்றரை மாதத்தில் விழுந்தவை.

ஏன் அறுபது? நூறு என்று வைத்திருந்தால் கணக்குச் சுலபமாக இருக்குமே?

வைத்தவர்கள் வியாழனைப் பார்த்து வைத்தார்கள். வியாழன் என்கிற குரு ஒரு ராசியைக் கடக்கச் சராசரியாக ஒரு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு ராசியையும் சுற்றி வரச் சுமார் 12 ஆண்டு. பழைய வேதகாலக் கணக்கில் ஐந்து வருஷம் சேர்ந்தது ஒரு யுகம். பன்னிரண்டையும் ஐந்தையும் பெருக்கினால் அறுபது.

6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் இந்த அமைப்பைத் தெளிவாகக் காட்டுகிறார். குரு அவிட்ட நட்சத்திரத்தின் தொடக்கத்தை அடைந்து, மாக மாதத்தில் உதிக்கும்போது பிரபவ தொடங்குகிறது என்பது அவர் சொல்லும் விதி. அதன் பிறகு அறுபதையும் ஐந்து ஐந்தாகப் பன்னிரண்டு யுகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வத்தைத் தலைமையாக வைக்கிறார். முதல் யுகம் திருமாலுக்கு, இரண்டாவது வியாழனுக்கு, மூன்றாவது இந்திரனுக்கு என்று போய்ப் பன்னிரண்டாவது பகனுக்கு வருகிறது. சனி இரண்டு சுற்று, குரு ஐந்து சுற்று, இரண்டும் சேரும் இடம் அறுபது என்றும் சிலர் விளக்குவார்கள். கணக்கு ஏறக்குறைய பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் வராகமிகிரரின் அந்த அத்தியாயம் குருவைப் பற்றியது.

நாரதருக்குப் பிறந்த அறுபது பிள்ளைகள்தான் வருஷங்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா?

கண்ணனிடம் போய் ஒரு மனைவியைக் கேட்ட நாரதர் பெண்ணாகி, அறுபது பிள்ளைகளைப் பெற்றார், அவர்களே வருஷங்கள் ஆனார்கள் என்பது கதை. 1910இல் வெளிவந்த அபிதான சிந்தாமணியில் இது இடம்பெற்றதால் தமிழ்நாட்டில் பரவலாகத் தெரியும். ஆபாசம் என்று திட்டுகிறவர்களும் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள், புராணம் என்று போற்றுகிறவர்களும் இதைத்தான் காட்டுகிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், பெயர்கள் முதலில் வந்தன, கதை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மேலே சொன்ன யுகப் பட்டியலில் நாரதருக்கு இடமே இல்லை. அங்கே இருப்பது வானத்துக் கணக்கும் பலன் சொல்லும் வழக்கமும் மட்டுமே. அறுபது பெயர்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று பிற்காலத்தில் கேட்டவர்களுக்கு யாரோ சொன்ன சுவையான பதில் அது.

பெயர்கள் எல்லாமே வடமொழி. தமிழ்ப் பெயர்கள் கிடையாதா?

வடமொழிதான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. நம் நாவில் புரண்டு உருமாறியிருக்கின்றன, அவ்வளவே. துர்முக துன்முகி ஆயிற்று, வியய என்கிற செலவு விய ஆயிற்று, சர்வஜித் சர்வசித்து ஆயிற்று. பிருகத் சம்ஹிதையில் நான்காவது பெயர் பிரமோத, நாம் பிரமோதூத என்கிறோம். ஐந்தாவது அங்கே பிரஜாபதி, இங்கே பிரசோற்பத்தி. நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடுகளோடுதான் பட்டியல் பயணப்பட்டிருக்கிறது.

தமிழாக்கி வழங்கும் முயற்சியும் உண்டு. பிரபவவுக்கு நற்றோன்றல், விபவவுக்கு உயர்தோன்றல், சுக்லவுக்கு வெள்ளொளி, பிரமோதூதவுக்குப் பேருவகை என்று அழகாகவே ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் பத்திரத்திலும் ஜாதகத்திலும் இவற்றை எழுதி என்னிடம் ஒருவர்கூடக் கொண்டுவந்ததில்லை.

சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் இன்ன அரசனின் இத்தனையாவது யாண்டு என்றுதான் காலம் குறிக்கின்றன. சக ஆண்டோடு சேர்த்து வருஷப் பெயரை எழுதுவது நம் பக்கத்தில் விஜயநகரக் காலத்தில்தான் சர்வ சாதாரணமாகிறது.

தை முதல் நாள்தான் புத்தாண்டு என்பவர்களுக்கு வருஷப் பெயர் எப்போது மாறும்?

அவர்கள் பொதுவாக இந்தச் சுழற்சியையே விட்டுவிட்டு, ஆங்கில ஆண்டோடு 31 கூட்டித் திருவள்ளுவர் ஆண்டு என்று தொடர் எண்ணாகச் சொல்கிறார்கள். தை முதல் நாளைப் புத்தாண்டாக்கி 2008இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, 2011இல் நீக்கப்பட்டது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளிலும் பஞ்சாங்கங்கள் சித்திரையில்தான் பெயரை மாற்றின.

அட்சய என்றால் குறையாதது. கடைசி வருஷத்துக்குப் போய் ஏன் அந்தப் பெயர்?

நல்ல கேள்வி. வராகமிகிரரின் பட்டியலில் கடைசிப் பெயர் அட்சய அல்ல, க்ஷய. தேய்வு, அழிவு என்று பொருள். பிரபவ என்றால் தோற்றம். தோற்றத்தில் தொடங்கித் தேய்வில் முடிவது என்று பார்த்தால் பட்டியலின் இரண்டு முனைகளும் பொருந்துகின்றன.

தெற்கே அதன் முன்னால் ஓர் அகரத்தைச் சேர்த்து நேர் எதிர்ப்பொருள் ஆக்கிவிட்டோம். பிள்ளை பிறந்த வருஷம் க்ஷய என்று ஜாதகத்தில் எழுத யாருக்கு மனம் வரும்? விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்று சொல்கிறவர்கள்தானே நாம்.

முதல் இருபது உத்தமம், அடுத்தது மத்திமம், கடைசி அதமம் என்கிறார்களே?

பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவருக்கும் ஆளுக்கு இருபது என்று பிரித்து, அதற்குத் தரமும் போட்டிருக்கிறார்கள். 2027இல் வரும் பிலவங்கவோடு கடைசி இருபது தொடங்குகிறது. பன்னிரண்டு யுகப் பிரிவாவது குருவின் ஓட்டத்தோடு தொடர்புடையது, இந்த மூன்று பங்குக்கு வானத்தில் எந்த அடையாளமும் இல்லை. ஒவ்வொரு வருஷத்துக்கும் பலன் சொல்லும், இடைக்காடர் பாடியதாக வழங்கும் வெண்பாக்களைப் பஞ்சாங்கத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றையும் அதே அளவில் வைத்துக்கொள்ளலாம்.

குருவை வைத்துத்தான் வருஷம் என்றால், குருப்பெயர்ச்சி அன்று பெயர் மாறாமல் சித்திரை ஒன்றில் மாறுவது ஏன்?

இந்த விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. குரு சராசரியாக ஒரு ராசியைக் கடக்க 361 நாளும் சில நாழிகையும் ஆகும். சூரிய வருஷமோ 365 நாளும் கால் நாளும். வருஷத்துக்கு நான்கே கால் நாள் குரு முந்திக்கொள்கிறது. இந்த நான்கே கால் நாட்கள் சேர்ந்து சேர்ந்து, 85 வருஷம் தாண்டியதும் முழு ஒரு குரு வருஷமாகிவிடும். அதாவது 85 சூரிய வருஷத்தில் குரு ஏறக்குறைய 86 ராசியைக் கடந்துவிடும்.

அப்போது என்ன செய்வது? பெயர் குருவோடு போக வேண்டுமானால் ஒரு பெயரைத் தாண்டிக் குதிக்க வேண்டும். பழைய வழக்கம் அதுதான். 85 அல்லது 86 வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பெயர் விடுபடும். அந்த விடுபட்ட வருஷத்துக்கு க்ஷய சம்வத்சரம் என்று பெயர் (மேலே சொன்ன கடைசி வருஷத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 905ஐ ஒட்டி, தெற்கே இந்தக் குதிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒரு சூரிய வருஷத்துக்கு ஒரு பெயர், விடுபடுதல் இல்லை என்று ஆயிற்று. அன்றே நம் வருஷப் பெயர்கள் குருவின் கையை விட்டுவிட்டன. இன்று அவை குரு எங்கே இருக்கிறது என்று காட்டுவதில்லை, வருஷத்தை எண்ணுகின்றன, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் வடநாட்டுக்காரர் வேறு பெயர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் சரி. வடக்கே குருவை விடாமல் பெயர்களைத் தாண்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 905க்குப் பிறகு ஓடியவை சுமார் 1,120 ஆண்டுகள். 85க்கு ஒன்றாக வகுத்துப் பாருங்கள், பதின்மூன்று வரும். அதனால் 2025 ஏப்ரலில் நமக்கு 39ஆவது விசுவாவசு பிறந்தபோது, அவர்கள் 52ஆவது காளயுக்தியை முடித்து 53ஆவது சித்தார்த்திக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். வித்தியாசம் பதின்மூன்று, பதினான்கு பெயர்.

முன்பு தெற்கிலும் பெயரைத் தாண்டினார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

பாதாமிக்குப் பக்கத்தில் உள்ள மகாகூடத்தில் சாளுக்கிய மன்னன் மங்களேசனின் தூண் கல்வெட்டு இருக்கிறது. அவனுடைய ஐந்தாவது ஆட்சியாண்டு, சித்தார்த்த வருஷம் என்று அதில் காலம் குறித்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் அதை 602 என்று கணித்திருக்கிறார்கள்.

நம் ஆறு கழிக்கும் கணக்கை 602க்குப் போடுங்கள். 596, அறுபதால் வகுக்க மீதி 56, துந்துபி. கல்வெட்டிலோ 53ஆவது சித்தார்த்தி. மூன்று பெயர் இடிக்கிறது. 602க்கும் 905க்கும் இடையில் சுமார் 300 ஆண்டுகள், அதில் 85க்கு ஒன்றாக மூன்று பெயர்கள் தாண்டப்பட்டிருந்தால் கணக்குச் சரியாகிவிடுகிறது. ஆகவே 10ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய எதற்கும் ஆறு கழிக்கும் வழியைப் பயன்படுத்தாதீர்கள்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களுக்கு மட்டும் விசுவாவசு முன்னதாகவே வந்துவிட்டதே?

சித்தூர் 1911 வரை வடஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் தெருக்களில் உகாதிப் பச்சடியும் சித்திரை மாங்காய்ப் பச்சடியும் அடுத்தடுத்து வருவது புதிதல்ல. அவர்கள் பட்டியலும் நம் பட்டியலும் ஒன்றே. அவர்களுக்குச் சந்திர மாதக் கணக்கு, நமக்குச் சூரிய மாதக் கணக்கு. 2025இல் உகாதி மார்ச் 30, நம் புத்தாண்டு ஏப்ரல் 14. இடையில் இருந்த பதினைந்து நாளும் ஒரே தெருவில் ஒரு வீட்டில் விசுவாவசு, மறு வீட்டில் குரோதி.

விஜயநகரக் கல்வெட்டுகளிலும் சந்திர மாதக் கணக்கில் நாள் குறித்தவை உண்டு. பங்குனிக் கடைசி நாட்களைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

பழைய பத்திரத்தில் வருஷப் பெயர் மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு என்று எப்படி முடிவு செய்வது?

நான் சறுக்கியதையே சொல்கிறேன். ஒரு நிலத்துக்குக் கைப்பிரதியாக எடுத்த நகல் ஒன்று வந்தது. முத்திரைத்தாள் இல்லாததால் அரசர் தலையைப் பார்த்துக் காலம் சொல்லும் வழி அடைபட்டுவிட்டது. விக்டோரியா தலை என்றால் 19ஆம் நூற்றாண்டு, ஜார்ஜ் தலை என்றால் 20 என்று சாதாரணமாகச் சொல்லிவிடலாம். நகலில் "விரோதி" என்று படித்தேன், அதற்குப் பின்னால் மைக்கறை. விரோதி 23ஆவது, ஆகவே 1889 அல்லது 1949. குடும்பக் கதையை வைத்து 1889 என்று சொல்லிவிட்டேன். அந்த ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமே கிடைக்கவில்லை.

மறுபடி நிதானமாகப் படித்தபோது உள்ளே ஒரு வரி தென்பட்டது. விற்றவரின் தகப்பனார் மன்மத வருஷத்தில் பதிவு செய்த பத்திரத்தின்படி வாங்கிய நிலம் என்று இருந்தது. மன்மத 29ஆவது, 1835 அல்லது 1895. பத்திரப் பதிவுச் சட்டம் வந்ததே 1860களில்தான், ஆகவே 1895. அதற்குப் பின் எழுதிய பத்திரம் 1889 ஆக முடியாது. கறைக்கு அடியில் இருந்தது விரோதிகிருது, 45ஆவது, 1911. அந்த ஆண்டுப் புத்தகத்தில் உடனே கிடைத்தது.

இந்த மாதிரி இரட்டையர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிலவவும் பிலவங்கவும், குரோதியும் குரோதனவும், பிரமாதியும் பிரமாதீசவும், தாரணவும் சாதாரணவும். எழுத்துத் தேய்ந்திருந்தால் இவற்றின் மேல் சத்தியம் செய்யாதீர்கள்.

பத்திரத்துக்குச் சரி. கல்வெட்டில் எப்படி எந்தச் சுற்று என்று தெரிந்துகொள்கிறார்கள்?

சக ஆண்டு கூடவே இருந்தால் கவலையில்லை. வேலூர் வட்டாரத்துக் கல்வெட்டுகள் சில, விஜயநகரச் சதாசிவராயர் காலத்தில் வேலூர்ச் சின்ன பொம்மு நாயக்கரின் வேண்டுகோளின்படி, இன்று ஜலகண்டேசுவரர் என்று நாம் வணங்கும் கோட்டைக் கோயிலுக்குக் கிராமங்கள் விடப்பட்டதைச் சொல்கின்றன. காலம் சக 1488, அட்சய வருஷம். சக ஆண்டோடு 78 கூட்டினால் 1566. ஆறு கழித்தால் 1560, மீதி இல்லை, அட்சயவேதான். ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி. பொருந்தாவிட்டால் கல்லைப் படித்ததில் எங்கோ பிழை என்று பொருள்.

சக ஆண்டை அழித்துவிட்டு அட்சய என்று மட்டும் வைத்தால், கோயிலுக்குக் கிராமம் விட்ட வருஷத்துக்கும் அதே கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த வருஷத்துக்கும் ஒரே பெயர். நடுவில் 240 ஆண்டு, சரியாக நான்கு சுற்று. சக ஆண்டு இல்லாத இடத்தில் அரசன் பெயர், கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் சேர்ந்து எந்தச் சுற்றில் ஒத்துவருகின்றன என்று பார்ப்பார்கள். கிழமையும் திதியும் நட்சத்திரமும் ஒரே நாளில் அப்படியே கூடுவது எல்லாச் சுற்றிலும் நடக்காது.

தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டி சொல்வாள். தாது வந்தால் பஞ்சம் வருமா?

பாட்டி சொன்னது 1876. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, அடுத்த ஈஸ்வர வருஷத்திலும் துயரம் நீண்டது. வடஆர்க்காடும் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. செத்தவர்களில் பலர் ஈஸ்வரவில் செத்தார்கள், பழி மட்டும் தாதுவின் மேல் விழுந்துவிட்டது.

அதன் பிறகு தாது 1936இலும் 1996இலும் வந்துபோயிற்று, அப்படி ஒரு பஞ்சம் வரவில்லை. குருவோடு இருந்த தொடர்பே அறுந்துபோன பெயருக்கு மழையோடு என்ன தொடர்பு இருக்க முடியும்?

அறுபதாம் கல்யாணம் எந்த வருஷம் செய்ய வேண்டும்? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பிறந்த வருஷத்தின் பெயர் திரும்ப வரும்போது, பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரம் வரும் நாளில். அறுபது முடிந்து அறுபத்தொன்று தொடங்கும் நேரம் அது. மேலே சொன்ன 1966 பிப்ரவரிக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மாதம் அவர் பிறந்தார் என்றால் வருஷம் விசுவாவசு. அந்த விசுவாவசுவின் மாசி திரும்ப வருவது 2026 பிப்ரவரி, மார்ச்சில்.

66ஐ அப்படியே எடுத்துப் பராபவ என்று முடிவு செய்தால், விழா 2027 மாசிக்குத் தள்ளிப்போய்விடும். ஒரு வீட்டில் அப்படி மண்டபத்துக்கு முன்பணமே கட்டிவிட்டு வந்து கேட்டார்கள். மண்டபக்காரர் தேதியை மாற்றிக் கொடுத்தார், பத்திரிகையைத்தான் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.